காய்ந்த இலையில் மணம் இல்லையா? கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி உலர்த்துவதில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

இந்த மூன்று இலைகளையும் பல வருடங்களாக வீட்டில் உலர்த்திப் பாட்டிலில் போட்டு வைக்கிறேன். தெரிந்தவர்கள் உலர்த்தியது கெட்டுப்போனால் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். வருகிற கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான்: மணம் இல்லை, கறுத்துவிட்டது, காயவே மாட்டேன் என்கிறது, பாட்டிலுக்குள் நமத்துப்போனது. உங்கள் இலைக்கு என்ன ஆனது என்று பார்த்து அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அது இல்லை என்று உறுதியான பிறகு அடுத்ததற்குப் போனால் போதும்.

தேவைப்படும் கருவி ஒன்றுதான், கிராம் காட்டும் சமையலறைத் தராசு. பச்சை இலையை நிறுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே பாதிச் சந்தேகம் அந்த ஓர் எண்ணால் தீரும்.

## இலை நன்றாகக் காய்ந்துவிட்டது, ஆனால் மணமே இல்லை

முதலில் மணம் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். காய்ந்த கறிவேப்பிலையை அப்படியே மூக்கருகே கொண்டுபோனால் ஒன்றும் தெரியாது. பச்சைக் கறிவேப்பிலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இலை முழுக்க ஊசிமுனை அளவில் புள்ளி புள்ளியாகத் தெரியும். மணம் தரும் எண்ணெய் அந்தப் புள்ளிகளுக்குள் இருக்கிறது, இலை காய்ந்த பிறகும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். எனவே நாலைந்து இலையை நொறுக்கி, ஒரு கரண்டி வெதுவெதுப்பான நீரில் போட்டு இரண்டு நிமிடம் விட்டு முகருங்கள். மணம் எழுந்து வந்தால் உங்கள் இலையில் கோளாறு எதுவும் இல்லை. நீர் வெறும் சருகு ஊறிய வாசனை அடித்தால் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

வெயிலில் காயவைத்தீர்களா? பெரும்பாலும் காரணம் இதுதான். நேர்வெயிலில் இலை சீக்கிரம் காயும். ஆனால் நிறம் வெளுக்கும், எண்ணெயும் ஆவியாகிப் போகும். காய்ந்த இலை மஞ்சள் கலந்த வெளிறிய பச்சையாக இருந்தால் வெயில்தான் என்று முடிவு செய்துகொள்ளலாம். அடுத்த முறை நிழலில், காற்றோட்டமான இடத்தில் போடுங்கள். ஜன்னல் வழியாக ஒரு மணி நேரம் வெயில் விழுகிற மேஜையும் வெயில்தான்.

கையால் அதிகம் அலசினீர்களா? இது புதினாவுக்கு உரிய கோளாறு. புதினாவின் எண்ணெய் இலையின் மேற்பரப்பிலேயே, கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பைகளில் இருக்கிறது. இலையை ஆய்ந்து முடித்தபின் உங்கள் விரல்கள் மணக்க மணக்க இருந்தால், பாட்டிலுக்குப் போக வேண்டியது விரலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். புதினாவைத் தண்டோடு உலர்த்தி, காய்ந்த பிறகு இலையை உதிர்ப்பதுதான் என் வழக்கம். பச்சையாக இருக்கும்போது தண்டைப் பிடித்துத்தான் தூக்குவேன், இலையைத் தொடுவதில்லை.

சூடு அதிகமா? ஓவனிலோ உலர்த்தும் கருவியிலோ செய்தவர்கள் இதைப் பாருங்கள். இந்த இலைகளுக்கு 35 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரைதான் கணக்கு. பல ஓவன்களில் மிகக் குறைந்த அளவே 60 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். அந்தச் சூட்டில் இலை ஒரு மணி நேரத்தில் கலகலவென்று காய்ந்துவிடும், கூடவே மணமும் போய்விடும். இலை காயும்போது வீடெல்லாம் கமகமக்கிறதே என்று மகிழ்ந்துபோவோம். உண்மையில் இலையை விட்டுப் போகிற மணம்தான் அது. வாசனை அறை தாண்டி வந்தால் உடனே சூட்டைக் குறையுங்கள்.

இலை முற்றியதா, வாடியதா? பறித்து இரண்டு மூன்று நாள் கிடந்த இலையை எப்படி உலர்த்தினாலும் பயன் சுமாராகத்தான் இருக்கும். புதினாவைப் பூப்பதற்கு முன்பு பறித்தால் மணம் நன்றாக இருக்கும். கறிவேப்பிலையில் துளிரையும் அடிக்கிளையின் முரட்டு இலையையும் விட்டுவிட்டு, கரும்பச்சை நிறத்தில் நன்கு விரிந்த இலையை எடுங்கள்.

கொத்தமல்லியா? அப்படியானால் நீங்கள் எந்தத் தவறும் செய்யாமல் இருந்திருக்கலாம். பச்சைக் கொத்தமல்லிக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் பொருள்கள் மிக எளிதில் பறந்துபோகிறவை. எவ்வளவு கவனமாக உலர்த்தினாலும் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சுவது லேசான, வேறு மாதிரியான கீரை மணம். நான் பலவிதமாக முயன்று பார்த்துவிட்டு, பச்சை மணம்தான் வேண்டுமென்றால் கொத்தமல்லியைப் பொடியாக நறுக்கி ஃப்ரீசரில் வைத்துவிடுவது என்ற முடிவுக்கு வந்தேன். உலர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் சிறிய அளவில், வேகமாக உலர்த்தி, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கறிவேப்பிலையும் புதினாவும் ஆறு மாதம் தாராளமாக நிற்கும்.

## இலை கறுத்துப்போனது

இதில் முதலிடம் புதினாவுக்கு, அடுத்தது கொத்தமல்லிக்கு. கறிவேப்பிலை அவ்வளவாகக் கறுக்காது. அது கறுத்தால் தண்ணீரோடு குவித்து வைத்திருக்கிறீர்கள் என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

கறுப்பு எங்கே இருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். மடிந்த இடத்திலும் கிழிந்த ஓரத்திலும் விரல் பட்ட இடத்திலும் மட்டும் கறுப்பு என்றால் இலை நசுங்கியிருக்கிறது. நசுங்கிய இடத்தில் சாறு வெளியே வந்து, காற்றுப் பட்டுக் கறுக்கிறது. நறுக்கிய ஆப்பிள் நிறம் மாறுவதுபோலத்தான். இலையை மெல்லக் கையாண்டாலே இது போய்விடும்.

தட்டில் நடுவில் இருந்த இலை மட்டும் கறுத்து, ஓரத்தில் இருந்தது பச்சையாக இருந்தால் நெருக்கமாகப் பரப்பியிருக்கிறீர்கள். ஓர் இலை மேல் இன்னோர் இலை படியாதபடி ஒற்றை அடுக்காக விரியுங்கள். இடம் போதவில்லை என்றால் பாதியை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் போடலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் குவித்துப் போட்டு முழுவதையும் கெடுத்துக்கொள்வதைவிட அது மேல்.

எல்லா இலையும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் கழுவிய நீர் போகவில்லை. கழுவியபின் வடிதட்டில் அரை மணி நேரம் வைப்பது போதாது. பருத்தித் துணி மேல் விரித்து, இன்னொரு துணியால் மேலே ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் விட்டு, மேலே ஈரம் துளியும் இல்லை என்று தெரிந்த பிறகே உலர்த்தும் தட்டுக்கு மாற்றுங்கள். இந்த ஒரு மணி நேரத்தைச் சேமிக்க நினைத்து இலையைக் கறுக்க விட்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கறுத்த புதினா கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. மணம் இருந்து, பூசண வாடை இல்லாவிட்டால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

## நாலு நாள் ஆகியும் இலை நொறுங்காமல் வளைகிறது

காய்ந்த இலையை விரலிடுக்கில் வைத்து அழுத்தினால் சத்தத்தோடு பொடிய வேண்டும். தோல் மாதிரி மடிந்து கொடுத்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது.

தராசை எடுங்கள். கறிவேப்பிலையில் நீர் குறைவு, ஆகவே 100 கிராம் பச்சை இலை காய்ந்தால் ஏறக்குறைய 38 முதல் 40 கிராம் நிற்கும். புதினா இலையும் கொத்தமல்லியும் நிறைய நீர் கொண்டவை, 100 கிராம் ஏறக்குறைய 15 முதல் 17 கிராமுக்கு வந்துவிடும். காம்பு நீக்கி, கழுவிய ஈரம் போன இலைக்கு இந்தக் கணக்கு. இலையின் வயதைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். புதினாவைத் தண்டோடு போட்டிருந்தால் இந்த எண் சரிவராது, இலையை உதிர்த்து நொறுக்கிப் பார்ப்பதுதான் வழி. உங்கள் எடை இதைவிட வெகுவாக அதிகம் என்றால் காரணம் தேடலாம்.

காம்பு முதல் சந்தேகம். கொத்தமல்லியில் இலை காய்ந்து சருகாகி இருக்கும்போதே தண்டு ஈரமாக இருக்கும். அந்த ஈரம் இலைக்கே திரும்பி வரும். கொத்தமல்லி இலையை மட்டும் ஆய்ந்து போடுங்கள். கறிவேப்பிலையை இணுக்கோடு உலர்த்தலாம், ஆனால் பாட்டிலில் போடும்முன் இலையை உருவிவிடுங்கள்.

அடுத்தது தட்டு. எவர்சில்வர் தட்டிலோ பிளாஸ்டிக் விரிப்பிலோ போட்டால் அடிப்பக்கம் காற்று படாது. வலைத்தட்டு அல்லது சல்லடை மேல் பருத்தித் துணி விரித்து, நான்கு மூலையிலும் கிண்ணம் வைத்து உயர்த்தினால் அடியிலும் காற்று போகும். மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் கறிவேப்பிலை மூன்று நாளிலும், கொத்தமல்லி இரண்டு நாளிலும் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் காயவில்லை என்றால் காற்றில்தான் ஈரம். மழைக்காலத்தில் இலை ஓர் எல்லைக்கு மேல் காயாது. மதியம் மூன்று மணிக்கு மொறுமொறுவென்று இருந்த இலை காலையில் நமத்துக் கிடக்கும். இரவில் காற்றிலிருந்த ஈரத்தை இலை திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அதற்காக இன்னும் இரண்டு நாள் விசிறிக்குக் கீழே விடுவதில் பலன் இல்லை, மணம்தான் குறையும். நேரம் அறிந்து முடிப்பதே வழி. காலையில் பாட்டிலில் அடைக்காதீர்கள். காற்று நன்றாகக் காய்ந்திருக்கும் பிற்பகலில், இலை மொறுமொறுப்பாக இருக்கும் அந்த நேரத்திலேயே அடைத்துவிடுங்கள். நாள் முழுக்கத் தூறல் என்றால் உலர்த்தும் கருவியில் 40 டிகிரியில் கடைசி ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து எடுக்கலாம்.

கருவி இல்லை, மைக்ரோவேவ் இருக்கிறது என்றால் அதிலும் முடிக்கலாம். இரண்டு காகிதத் துண்டுகளுக்கு இடையே ஒற்றை அடுக்காக இலையை வைத்து 20 விநாடி ஓடவிட்டு, எடுத்து ஆறவிட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் மறுபடி 20 விநாடி. முக்கால்வாசி காய்ந்த இலை சட்டென்று கருகும், தீப்பிடிக்கவும் கூடும். எனவே பக்கத்தை விட்டு நகர வேண்டாம்.

## பாட்டிலுக்குள் ஆவி படிகிறது, இலை நமத்துப்போகிறது

தெரிந்தவர் ஒருவர் கொண்டுவந்த பாட்டிலை வைத்தே சொல்கிறேன். அவர் 250 கிராம் கறிவேப்பிலையை நிழலில் மூன்று நாள் உலர்த்தினார். மூன்றாம் நாள் மாலை கையால் அள்ளினால் சலசலவென்று சத்தம் கேட்டது. சரி, காய்ந்துவிட்டது என்று கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி மூடிவிட்டார். மறுநாள் காலையில் பாட்டிலின் மேல்பகுதியில் உள்ளே மெல்லிய ஆவிப்படலம்.

பாட்டிலைக் கொட்டி நிறுத்துப் பார்த்தோம். 112 கிராம். கணக்குப்படி 95 முதல் 100 கிராமுக்குள் இருக்க வேண்டும். அதாவது பத்துப் பன்னிரண்டு கிராமுக்குக் குறையாமல் தண்ணீர் இலைக்குள்ளேயே இருந்தது. ஓர் இலையை எடுத்துப் பார்த்தால் ஓரங்கள் பொடிந்தன, நடு நரம்பு மட்டும் நூல் மாதிரி வளைந்தது. சத்தம் கொடுத்தது ஓரங்கள்தான். ஈரம் முழுக்க நடு நரம்பிலும் காம்பு ஒட்டும் இடத்திலும் தங்கியிருந்தது. மூடி வைத்த இரவில் அது பாட்டில் முழுக்கப் பரவிவிட்டது.

இலையை உலர்த்தும் கருவியில் 40 டிகிரியில் பரப்பினோம். இரண்டு மணி நேரம் கழித்து 98 கிராம். நரம்பை வளைத்தால் டக்கென்று முறிந்தது. அறைச் சூட்டுக்கு முழுவதும் ஆறவிட்டுத்தான் மறுபடி அடைத்தோம். சூடாக அடைத்தால் நன்கு காய்ந்த இலையிலும் மூடியில் ஆவி படியும். அந்தப் பாட்டிலில் அதற்குப் பிறகு ஆவி வரவில்லை.

அன்றிலிருந்து நான் எல்லா இலைக்கும் செய்வது இது. பாட்டிலில் முக்கால் அளவு மட்டும் நிரப்பி, ஒரு வாரம் கண்ணில் படும் இடத்தில் வைத்து, தினமும் ஒருமுறை குலுக்குவேன். முதல் இரண்டு நாளில் கண்ணாடியில் ஆவி தெரிந்தாலோ, இலைகள் கொத்தாக ஒட்டி நகர்ந்தாலோ உடனே கொட்டி மறுபடி உலர்த்துவேன். ஒரு வாரம் தாண்டியும் இலைகள் தனித்தனியாக உருண்டால் அலமாரிக்குள் போகும்.

ஒருவேளை எடை சரியாக இருந்தும் நமத்துப்போனால் மூடியைச் சந்தேகப்படுங்கள். பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடிக் கவிழ்த்து வைத்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கசிந்தால் மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். சோதித்த பாட்டிலை ஒருநாள் முழுக்கக் காயவிடாமல் இலையைப் போடக் கூடாது. உணவுப் பொருள்களுக்கு என்று விற்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போடுவது உதவும். ஆனால் காயாத இலையை அது காயவைத்துவிடாது.

வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ பூசணம் பூத்திருந்தால், அல்லது மூடியைத் திறந்ததும் மக்கிய வாடை அடித்தால், பாட்டில் முழுவதையும் கொட்டிவிடுங்கள். பூசணம் பிடித்த இலையை மட்டும் பொறுக்கிவிட்டு மீதியை வைத்துக்கொள்ள வேண்டாம். சில பூசணங்கள் விடும் நஞ்சு வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் போகாது.

## முதலில் மணந்தது, இரண்டு மாதத்தில் போய்விட்டது

உலர்த்தியதில் தவறில்லை, வைத்திருந்த இடத்தில்தான் தவறு. அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியைத்தான் முதலில் கேட்பேன். தினமும் சூடும் ஆவியும் அங்கேதான் போகின்றன. அடுத்தது வெளிச்சம்: ஜன்னலோரம் அழகாக அடுக்கிய கண்ணாடிப் பாட்டில்களில் வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும் இலை வெளுத்திருக்கும், பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். இருட்டான, அடுப்புக்குத் தள்ளியுள்ள அலமாரிக்கு மாற்றிவிடுங்கள்.

இலையைப் பொடித்து வைத்தவர்களுக்கு இந்தக் கோளாறு இன்னும் சீக்கிரம் வரும். முழு இலையாக இருக்கும்வரை மணம் உள்ளே பூட்டப்பட்டிருக்கிறது. பொடித்த கணத்திலிருந்து அது வெளியேறத் தொடங்கும். முழு இலையாகவே வைத்து, வேண்டும்போது உள்ளங்கையில் கசக்கிப் போடுங்கள். பொடிதான் வேண்டும் என்றால் ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் பொடியுங்கள்.

பெரிய பாட்டில் ஒன்றைத் தினமும் திறப்பதும் ஒரு காரணம். மூன்று நான்கு சிறிய பாட்டில்களாகப் பிரித்தால் கடைசிப் பாட்டில் புதிதாகவே இருக்கும். பாட்டிலின் அடியில் மாவு மாதிரித் தூள் சேர்ந்து, இலையில் குண்டூசித் துளைகள் தெரிந்தால் வண்டு விழுந்திருக்கிறது. அந்தப் பாட்டிலைக் கொட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த நல்ல பாட்டில்களை ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். குளிர்ந்த இலை மேல் காற்றின் ஈரம் படிந்தால் மறுபடி நமத்தல் கதைதான்.

## கருவியிலேயே கோளாறு: எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

உலர்த்தும் கருவியில் ஒரு தட்டு காய்ந்து இன்னொன்று ஈரமாகவே இருந்தால் தட்டுகளைப் பாதி நேரத்தில் இடம் மாற்றிப் பாருங்கள். அதிலும் மாறாவிட்டால் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, காற்று உள்ளே போகும் துளைகளில் இலைத்தூள் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, காய்ந்த பிரஷால் துடையுங்கள்.

பிறகு சூட்டைச் சோதியுங்கள். 40 டிகிரியில் வைத்து, ஓவனுக்கு உரிய சிறிய வெப்பமானி ஒன்றைக் காலித் தட்டில் நடுவில் வைத்து அரை மணி நேரம் கழித்துப் படியுங்கள். ஐந்து டிகிரி கூடவோ குறையவோ இருந்தால் அதற்கேற்பத் திருகிக்கொண்டு சமாளிக்கலாம். பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் காட்டினாலோ, ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் வேறு வேறு எண் வந்தாலோ சூடு கட்டுப்படுத்தும் பாகம் போய்விட்டது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

விசிறி சுற்றாமல் சூடு மட்டும் ஏறினால், கருகிய பிளாஸ்டிக் வாடை வந்தால், தொட்டால் சுருக்கென்று மின்சாரம் அடித்தால் அதற்குமேல் ஒரு சோதனையும் வேண்டாம். சுவரிலிருந்து பிடுங்கி வையுங்கள், பழுது பார்த்த பிறகே மறுபடி செருகுங்கள். அதுவரை இலையை நிழலில் விசிறிக்குக் கீழே காயவைக்கலாம்.

இன்னொரு நிலையிலும் வெளியாள் உதவி தேவை. எல்லாம் சரியாகச் செய்தும், மழை இல்லாத நாளிலும், ஒவ்வொரு பாட்டிலிலும் பூசணம் வந்துகொண்டே இருந்தால் அலமாரியின் பின்சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். சில்லென்று ஈரமாக இருந்தாலோ வண்ணப்பூச்சு உப்பியிருந்தாலோ சுவருக்குள் குழாய் கசிந்துகொண்டிருக்கலாம். பாட்டில்களை வேறு அறைக்கு மாற்றிவிட்டு குழாய் வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள்.